கிளவுட் சந்தாவை நிறுத்துவதற்கு முன்: போன் படங்களை வீட்டு சர்வருக்கு மாற்றும் வழி

கூகுள் போட்டோஸில் எங்கள் வீட்டுப் படங்கள் 148 ஜிபி சேர்ந்திருந்தன. எல்லையற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் சந்தாவைப் புதுப்பிப்பது கேஸ் சிலிண்டர் வாங்குவதைப் போல வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அடுத்த பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அலமாரியில் பழைய மினி பிசி ஒன்று சும்மா கிடந்தது. அதை வைத்து என்ன செய்தேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சர்வரை நிறுவுவது ஒரு மாலை நேர வேலை. போன் தானாகப் படம் அனுப்புகிறதா என்று சோதிக்க ஒரு வாரம் வேண்டும். பழைய படங்களைக் கிளவுடிலிருந்து இறக்கிச் சேர்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதன் பிறகு இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல். சந்தாவை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் படங்கள் தொலையும்.

எந்தக் கணினி, எந்த மென்பொருள்

நான் பயன்படுத்துவது இம்மிச் என்ற திறந்தமூல மென்பொருள். 2022-இல் தொடங்கிய திட்டம் இது. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி உண்டு, பிரவுசரிலும் திறக்கலாம். முகங்களைப் பிரித்து வைக்கும், இடத்தை வரைபடத்தில் காட்டும். கூகுள் போட்டோஸுக்குப் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றால் இந்தப் பழக்கம்தான் முக்கியம்.

கணினிக்கு 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. நான்கு கோர் உள்ள பழைய அலுவலக மினி பிசி தாராளமாகப் போதும். அது சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 7 யூனிட், இரண்டு மாத பில்லில் 14 அல்லது 15 யூனிட் வரும். சேமிப்பிடத்துக்கு, இப்போது இருக்கும் படங்களைப் போல மூன்று மடங்கு கொள்ளளவுள்ள டிஸ்க் வாங்குங்கள். நான் 1 டிபி வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது எதற்கு என்று பின்னால் வருகிறது.

மின்வெட்டு நம்மூரில் புதிதல்ல. இம்மிச் தன் கணக்கு வழக்குகளை ஒரு தரவுதளத்தில் எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது கெடலாம். ஒரு சிறிய யூ.பி.எஸ். வையுங்கள். பயாஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போயிருக்கும்போது சர்வர் அணைந்தே கிடக்கும்.

நிறுவுதல்

மினி பிசியில் உபுண்டு சர்வர் அல்லது டெபியன் இருக்கட்டும். படங்களுக்கான டிஸ்க்கை ext4 முறையில் பார்மட் செய்து, `/mnt/photos` என்ற இடத்தில் நிரந்தரமாக இணைத்துக்கொள்ளுங்கள். பார்மட் செய்தால் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும். எது எந்த டிஸ்க் என்று `lsblk -f` கட்டளையால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு, இம்மிச்சை இயக்கத் தேவைப்படும் டாக்கர் என்ற மென்பொருளையும் இம்மிச்சின் இரண்டு கோப்புகளையும் இறக்க வேண்டும்:

```
curl -fsSL https://get.docker.com | sudo sh
mkdir ~/immich-app && cd ~/immich-app
wget -O docker-compose.yml https://github.com/immich-app/immich/releases/latest/download/docker-compose.yml
wget -O .env https://github.com/immich-app/immich/releases/latest/download/example.env
```

அடுத்து `.env` கோப்பைத் திறந்து இந்த வரிகளை மட்டும் மாற்றுங்கள்:

```
UPLOAD_LOCATION=/mnt/photos/immich
DB_DATA_LOCATION=./postgres
TZ=Asia/Kolkata
DB_PASSWORD=neelamaanakadavusol2
```

பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். சிறப்புக் குறிகள் வைத்தால் தேவையில்லாத சிக்கல் வரும். தரவுதளம், அதாவது `DB_DATA_LOCATION`, கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.-யிலேயே இருக்கட்டும். அதை நெட்வொர்க் டிஸ்க்கிலோ, விண்டோஸ் முறையில் பார்மட் செய்த வெளி டிஸ்க்கிலோ வைத்தால் தொடங்கவே தொடங்காது, அல்லது பின்னால் ஒருநாள் கழுத்தறுக்கும். `TZ` வரியின் முன்னால் `#` இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பிறகு:

```
sudo docker compose up -d
```

சில நிமிடங்கள் கழித்து வீட்டிலுள்ள வேறொரு கணினியின் பிரவுசரில் `http://192.168.1.50:2283` போன்ற முகவரியைத் திறந்தால் வரவேற்புப் பக்கம் வரும். முன்பகுதிக்கு உங்கள் மினி பிசியின் முகவரியைப் போடுங்கள். ரவுட்டரின் அமைப்புக்குள் போய், அந்த முகவரி மினி பிசிக்கே எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுவது நல்லது. அது மாறினால் போன் செயலி சர்வரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

முதலில் உருவாக்கும் கணக்குதான் நிர்வாகி. ஒரு படம்கூட ஏற்றுவதற்கு முன், நிர்வாக அமைப்புகளில் `Storage Template` என்பதை இயக்குங்கள். இது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் படங்கள் எல்லாம் புரியாத எண்ணெழுத்துப் பெயர்களோடு கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும். இயக்கினால் `library/admin/2019/2019-08-15/` என்பதுபோல ஆண்டும் தேதியுமாக அடுக்கப்படும். நாளை இம்மிச்சே இல்லாமல் போனாலும் டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியில் சொருகினாலும் உங்கள் படங்களை நீங்களே கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு பொத்தானுக்காகவே நான் இம்மிச்சை நம்பத் தொடங்கினேன்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்குங்கள். எல்லாருடைய போனும் ஒரே கணக்கில் கொட்டினால், மகனின் விளையாட்டு ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு நடுவில் அம்மாவின் படங்களைத் தேட வேண்டிவரும்.

போன் தானாக அனுப்ப வேண்டும்

செயலியை நிறுவி, சர்வர் முகவரியும் பயனர் கணக்கும் கொடுத்து உள்ளே போங்கள். படங்களுக்கு அனுமதி கேட்கும்போது, தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் அல்லாமல் எல்லாப் படங்களுக்கும் கொடுங்கள். மேலே மேகம் போன்ற குறி தெரியும். அதற்குள்தான் பேக்கப் அமைப்பு. எந்த ஆல்பங்கள் போக வேண்டும் என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை தொட்டால் சேரும், இருமுறை தொட்டால் விலக்கப்படும். நான் கேமரா ஆல்பத்தை மட்டும் சேர்த்தேன். வாட்ஸ்அப் படங்களையும் சேர்த்தால் காலை வணக்கப் பூங்கொத்துகள் அத்தனையும் டிஸ்க்கில் குடியேறும். உறவினர் அனுப்பும் கல்யாணப் படங்கள் வேண்டுமென்றால் அவற்றைத் தனி ஆல்பத்துக்கு மாற்றி அதைச் சேருங்கள்.

முதல் ஏற்றம் பெரியது. என் போனில் 41 ஜிபி இருந்தது. போனைச் சார்ஜில் போட்டு, செயலியைத் திரையில் திறந்தே வைத்து, ரவுட்டர் இருக்கும் அறையில் இரவு முழுவதும் விட்டேன். விடிந்தபோது முடிந்திருந்தது. பின்னணியில் தானாகப் போகட்டும் என்று விட்டிருந்தால் வாரக்கணக்கில் இழுத்திருக்கும்.

ஏற்றம் முடிந்த பிறகும் ஓரிரு நாள் சர்வரின் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும். சிறுபடங்கள் தயாரிப்பது, முகங்களை அடையாளம் காண்பது என்று உள்ளே வேலை நடக்கும். பயப்பட வேண்டாம். நிர்வாகப் பக்கத்தில் `Jobs` வரிசை குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். என் போனில் எல்லாம் சரியாகப் போனது. என் மனைவியின் போனில் இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. செயலியில் எந்தப் பிழையும் காட்டவில்லை. பத்து நாள் கழித்து கோவில் திருவிழாப் படங்களைச் சர்வரில் தேடியபோதுதான் தெரிந்தது. அவளிடம் கேட்டால், "நான் எதையும் தொடவில்லையே" என்றாள். உண்மைதான், தொடாததுதான் காரணம். பல நாள் திறக்கப்படாத செயலியை ஆண்ட்ராய்டு உறங்க வைத்துவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சில தயாரிப்பாளர்கள் தங்கள் போன்களில் இதை இன்னும் கடுமையாகச் செய்கிறார்கள்.

தீர்வுக்குப் போனின் அமைப்பில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, செயலியின் பேட்டரி அமைப்பு. அதை `Unrestricted` ஆக்குங்கள். இரண்டாவது, பயன்படுத்தாத செயலியின் அனுமதிகளைப் பறிக்கும் தெரிவு, அதை அணையுங்கள். மூன்றாவது, சில போன்களில் மட்டும் இருக்கும் `Autostart`, அதை இயக்குங்கள். மனைவியின் போனில் மூன்றாவதுதான் குற்றவாளி. அது வழக்கமான செயலி அமைப்பில் இல்லாமல், போனோடு வரும் பாதுகாப்புச் செயலிக்குள் ஒளிந்திருந்தது.

சரியாகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு தாளில் நேரத்தை எழுதி அதைப் படம் எடுங்கள். இம்மிச் செயலியைத் திறக்காமல் போனைப் பூட்டி மேசையில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, போனைத் தொடாமல், கணினிப் பிரவுசரில் அந்தத் தாள் வந்திருக்கிறதா பாருங்கள். போனைத் திறந்து பார்த்தால் சோதனை வீண், ஏனென்றால் செயலியைத் திறந்த கணத்தில் விட்டுப்போன படங்களை அது அனுப்பத் தொடங்கிவிடும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நம்பிவிடுவோம். இதை ஒரு வாரத்தில் மூன்று முறை, கடைசி முறை செயலியை நான்கைந்து நாள் திறக்காமல் விட்டுச் செய்யுங்கள். மூன்று தாள்களும் வந்தால் அந்த போனை நம்பலாம்.

ஐபோனில் `Background App Refresh` இயக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தாலும் எப்போது வேலை செய்யலாம் என்பதை ஐஓஎஸ்தான் முடிவு செய்கிறது, குறைந்த மின்சார நிலையில் அதுவும் நின்றுவிடும். வாரம் ஒருமுறை செயலியைத் திறந்து விடுவதே நடைமுறை வழி.

வீட்டுக்கு வெளியே இருக்கும்போதும் படங்களைப் பார்க்க வேண்டுமா? ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து சர்வரை இணையத்தில் நேரடியாக வைக்காதீர்கள். நம் ஊர் இணைய இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், அது வேலையும் செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற தனி வலையமைப்புச் செயலியைச் சர்வரிலும் போனிலும் நிறுவினால், 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அந்த முகவரியை இம்மிச் செயலியில் கொடுத்தால் பஸ்ஸிலிருந்தும் படம் பார்க்கலாம். இதை அவசரமாகச் செய்யத் தேவையில்லை. வீட்டு வைஃபைக்குத் திரும்பியதும் படங்கள் ஏறினால் போதும் என்பதே பலருக்குச் சரியாக இருக்கும்.

பழைய படங்களைக் கிளவுடிலிருந்து மீட்டல்

போனில் இருப்பதுதான் எல்லாம் என்று நினைக்காதீர்கள். இடத்தைக் காலி செய்யும் பொத்தானைப் பல ஆண்டுகளாக அழுத்தி வந்திருப்போம். அப்படி அழிந்தவை இப்போது கிளவுடில் மட்டுமே இருக்கின்றன. எங்கள் 148 ஜிபியில் போனில் மிஞ்சியிருந்தது அந்த 41 மட்டுமே.

கூகுளில் இருக்கும் நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய், முதலில் எல்லாவற்றின் தேர்வையும் நீக்கிவிட்டு, போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பின் அளவாக 50 ஜிபியைத் தேர்ந்தால் துண்டுகள் குறையும். இணையம் அடிக்கடி அறுந்தால் 10 ஜிபியே நல்லது. மின்னஞ்சலில் வரும் இணைப்பு ஒரு வாரமே செல்லும். அதனால் வீட்டில் இருக்கும் வாரமாகப் பார்த்துக் கேளுங்கள். எனக்கு மூன்று ஜிப் கோப்புகள் வந்தன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஜிப்பை விரித்து, படங்களை அப்படியே பிரவுசரில் இழுத்துப் போட்டால், பல படங்கள் இன்றைய தேதியில் போய் நிற்கும். வாட்ஸ்அப் வழியாக வந்தவை, ஸ்கேன் செய்தவை போன்றவற்றில் எடுத்த தேதி படக்கோப்புக்குள் இருக்காது. நீங்கள் கூகுளில் திருத்திய தேதியும், ஆல்பங்களும், விளக்கங்களும் பக்கத்தில் இருக்கும் தனி ஜேசன் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பையும் படத்தையும் சேர்த்துப் படித்து இம்மிச்சுக்கு அனுப்ப `immich-go` என்ற சிறு கருவி உண்டு.

இம்மிச்சில் உங்கள் கணக்கு அமைப்புக்குள் போய், இந்தக் கருவி உங்கள் கணக்கில் நுழைவதற்கான ஏபிஐ சாவி ஒன்றை உருவாக்குங்கள். கீழே `YOUR_KEY` இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள். ஜிப் கோப்புகளை விரிக்காமல், எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து இப்படிக் கொடுங்கள்:

```
./immich-go upload from-google-photos --dry-run \
  --server=http://192.168.1.50:2283 \
  --api-key=YOUR_KEY ~/takeout/takeout-*.zip
```

`--dry-run` இருந்தால் எதையும் ஏற்றாமல் கணக்கு மட்டும் காட்டும். அது சரியாகப்பட்டால் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ஜிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காதீர்கள். படம் இரண்டாவது ஜிப்பிலும் அதன் ஜேசன் மூன்றாவதிலும் இருப்பது சாதாரணம். நான் முதலில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஜேசன் கிடைக்காத படங்கள் நூற்றுக்கணக்கில் என்று அறிக்கை சொன்னது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் அந்த எண் இருபதுக்குள் இறங்கியது.

போன் ஏற்றத்தை முதலில் முடிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இம்மிச் ஒரே கோப்பு இரண்டாம் முறை வந்தால் ஏற்காது. ஆனால் கூகுளில் இடத்தைச் சேமிக்கும் தரத்தில் வைத்திருந்தால், அங்கே இருப்பது சுருக்கப்பட்ட வேறு கோப்பு. போனின் அசல் ஏற்கெனவே சர்வரில் இருந்தால் `immich-go` பெயரையும் தேதியையும் ஒப்பிட்டு, தரம் குறைந்ததை விட்டுவிடும். அதையும் மீறி நுழையும் இரட்டைகளை இம்மிச்சின் நகல் கண்டறியும் பக்கத்தில் பார்த்து நீக்கலாம்.

முடிந்ததும் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள். நான் ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி எடுத்துக்கொண்டேன்: 2014-இல் தங்கையின் வளைகாப்பு, 2017-இல் வீடு குடிபுகுந்தது, இப்படி. கூகுளில் அந்த நாளையும் இம்மிச்சில் அதே நாளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து எண்ணினேன். வளைகாப்பில் நான்கு வீடியோக்கள் குறைந்தன. தேடினால் அவை ஜேசன் இல்லாமல், தவறான தேதியில் உட்கார்ந்திருந்தன. கையால் தேதியை மாற்றினேன்.

இரண்டாவது டிஸ்க்

இப்போது உங்கள் படங்கள் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. இந்த நிலையில் சந்தாவை நிறுத்துபவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டாவது டிஸ்க்கை `/mnt/copy` என்ற இடத்தில் இணைத்து, வாரம் ஒருமுறை இதை ஓட்டுங்கள்:

```
mountpoint -q /mnt/copy && sudo rsync -a /mnt/photos/immich/ /mnt/copy/immich/
```

முன்னால் இருக்கும் `mountpoint` டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. அது இல்லாவிட்டால், டிஸ்க்கைச் சொருக மறந்த நாளில் நகல் முழுவதும் கணினியின் உள் எஸ்.எஸ்.டி.-யில் எழுதப்பட்டு அது நிரம்பிவிடும். இணையத்தில் பலர் `--delete` சேர்க்கச் சொல்வார்கள். மூல டிஸ்க் ஏதோ காரணத்தால் காலியாகத் தெரிந்தால் அந்த ஒரு சொல் நகலையும் துடைத்துவிடும், நான் சேர்ப்பதில்லை.

ஆல்பங்கள், முகங்களுக்கு வைத்த பெயர்கள் ஆகியவை படக்கோப்புகளில் இல்லை, தரவுதளத்தில்தான் உள்ளன. இம்மிச் தினமும் பின்னிரவு இரண்டு மணிக்கு அதன் நகலை `backups` கோப்புறையில் வைக்கிறது, கடைசி 14-ஐ வைத்திருக்கும். மேலே உள்ள கட்டளை அதையும் சேர்த்தே எடுத்துச் செல்லும்.

நகல் முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் சொருகி, 2016-இல் ஒரு படம், சென்ற மாதத்தில் ஒரு வீடியோ திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பு. இயன்றால் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கை அம்மா வீட்டில் வையுங்கள். திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றுதான்.

சந்தாவை நிறுத்துதல்

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாதம் இரண்டையும் ஓட விடுங்கள். பிறகும் நேரடியாக நிறுத்த முடியாது. இலவச 15 ஜிபி, போட்டோஸுக்கு மட்டுமன்றி ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பொது. சந்தா முடியும் நாளில் அதற்கு மேல் இருந்தால் மின்னஞ்சல் வருவதும் போவதும் நின்றுவிடும். ஆகவே அந்தத் தேதிக்கு முன்பே கூகுளில் படங்களை நீக்கி அளவைக் குறைக்க வேண்டும்.

நீக்கும்போது கவனம். பேக்கப் இயங்கும் நிலையில் கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் அது அழியும். முதலில் எல்லாப் போன்களிலும் கூகுள் போட்டோஸின் பேக்கப்பை அணையுங்கள். அதன் அமைப்பில், அந்தப் போனிலிருந்து ஏறியவற்றைக் கிளவுடிலிருந்து மட்டும் நீக்கும் `Undo device backup` தெரிவு இருந்தால், அதை முதலில் பயன்படுத்துங்கள். போனில் இருப்பவை அப்படியே இருக்கும். மீதமுள்ள பழைய படங்களைக் கணினிப் பிரவுசரில் ஆண்டு ஆண்டாக நீக்குங்கள். முதலில் ஒரே ஓர் ஆண்டை நீக்கிவிட்டு, போனின் கேமரா கோப்புறையில் ஏதாவது காணாமல் போனதா என்று ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். குப்பைத் தொட்டியில் இருப்பவையும் அளவில் சேரும், ஆனால் அதைக் காலி செய்வதைக் கடைசிச் சில நாட்கள் வரை தள்ளிப்போடுங்கள். எங்களுக்குச் சந்தா முடிய ஐந்து நாள் இருக்கும்போது மீட்டர் 11 ஜிபி காட்டியது. அதில் 9 ஜிபி ஜிமெயில்.